காப்பாற்றினான் என்று சொல்லும்போது

ஓர் ஆபத்து அருகே வந்து தொடாமல் விலகிப் போய்விட்டால், நம் வீடுகளில் முதலில் எழுவது 'அல்ஹம்துலில்லாஹ்' என்னும் புகழ்ச்சொல். அடுத்து வருவது, 'அல்லாஹ் காப்பாற்றினான்' என்பது. மூன்றாவதாக, சற்று நேரம் கழிந்து, குரல் தாழ்ந்து ஒரு சொல் வரும்: 'ஓர் அடி முன்னே நின்றிருந்தால்...' முதல் சொல்லைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. மூன்றாவது சொல்லைப் பற்றி நம் அகீதா நூலாசிரியர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவில் நிற்கும் அந்த இரண்டாவது சொல்லைப் பற்றி நாம் நின்று யோசிப்பதில்லை. அது உண்மையான சொல்; அதனாலேயே அதனை எங்கே, யார் செவியில் விழும்படிச் சொல்கிறோம் என்பதும் கேட்கத் தக்கதாகிறது. அண்மையில் அதனை யோசிக்க வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது.

நடந்ததைச் சுருங்கச் சொல்லி விடுகிறேன். முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வளைவு. வளைவின் உட்புறத்தில் ஒரு தேநீர்க்கடை. அதன் முன்னே எப்பொழுதும் இரண்டு மூன்று லாரிகள் நிற்கும். வளைவு முடிந்ததும் ஒரு புளியமரமும் பேருந்து நிறுத்தமும் உண்டு. அஸர் கழிந்து, மஃரிபுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கையில், அந்த நிறுத்தத்தில் பேருந்தைவிட்டு இறங்கி மண் ஓரத்தில் நின்றேன். காலணியின் வார் கழன்றிருந்தது. அதனைச் சரிசெய்வதற்காக இரண்டு அடி பின்வாங்கிப் புளியமரத்தின் வேரில் காலை வைத்தேன். அவ்வளவில், வளைவிலிருந்து வந்த மீன் லாரி ஒன்று, நின்றிருந்த பேருந்தைக் கண்டு, வலப்புறம் எதிரே கார் வருவதையும் கண்டு, வேறு வழியின்றி இடப்புறம் மண்ணில் இறங்கிப் பேருந்துக்கும் மரத்துக்கும் நடுவே புகுந்து சென்றது. நான் சற்றுமுன் நின்ற இடம் அதுதான். என் கையில் இருந்த குடை பறிபோய், கம்பி வளைந்து, இருபது அடிக்கு அப்பால் கிடந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை.

அந்த நேரத்தில் பயம் தோன்றவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். குடையை எடுத்துக் கொண்டேன். கூடியவர்களுக்குப் பதில் சொன்னேன். பள்ளிக்குச் சென்று, ஒரு மூலையில் கிப்லாவை நோக்கி நன்றியின் ஸஜ்தா ஒன்றைச் செய்தேன். மஃரிபும் தொழுதேன். நடுக்கம் இரவில்தான் வந்தது. படுத்ததும் காதருகே காற்று உறுமிற்று. கை விரல்கள் நிற்காமல் ஆடின. அடுத்த நாள் பாடம் நடத்திக் கொண்டிருக்கையில் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒலி எழுப்ப, கையிலிருந்த கித்தாபு நழுவி விழுந்தது. நான்கைந்து நாட்கள் இவ்வாறே கழிந்தன.

ஈமான் உள்ளவனுக்கு இந்த நடுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நேரிலும் ஒருவர் கேட்டார். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள், ஆபத்தைக் கண் கண்டதுமே ஒரு நீரை இரத்தத்தில் கலந்து விடுகின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. இதற்கு நம் அனுமதி கேட்கப்படுவதில்லை. அந்த வேகம் சிறிது நேரத்தில் அடங்கினாலும், மூளை அந்தக் காட்சியை உடனே விட்டு விடுவதில்லை. சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், உறக்கத்திலும் ஒலியிலும் அதனைத் திரும்பத் திரும்பக் கொண்டு வருகிறது. பெரும்பாலும் தானே தணியும். ஒரு மாதம் கழிந்தும் தணியாமல், அந்தச் சாலைப் பக்கம் போகவே இயலாத நிலை வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடி பாம்பாய் நெளிந்ததைக் கண்டு திரும்பிப் பாராமல் ஓடியதைக் குர்ஆன் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. ஒரு நபியின் கால்கள் ஓடியதை இறைவன் குறையாகப் பதிவு செய்யவில்லை. அஞ்ச வேண்டாம் என்று அழைத்துப் பேசினான். உடலின் அச்சம் ஒன்று, உள்ளத்தின் அவநம்பிக்கை வேறொன்று.

ஆனால் நடுக்கத்தோடு கூடவே வந்த எண்ணங்களை அவ்வாறு உடலின் கணக்கில் எழுதிவிட முடியவில்லை. இரண்டாம் நாள் தொடங்கி என் நெஞ்சம் 'இருந்தால்' என்னும் சொல்லைப் பிடித்துக் கொண்டது. வார் கழலாமல் இருந்தால்? முதல் நாள் என் மனைவி அந்த வாரைத் தைக்கக் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுத்திருந்தால்? பேருந்தில் முன்வாசலில் இறங்காமல் பின்வாசலில் இறங்கியிருந்தால்? அரபியில் இதற்கு லாம், வாவ் என்று இரண்டே எழுத்து. 'லவ்' என்பார்கள். ஒரு காரியம் நேர்ந்துவிட்ட பின் 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்' என்று சொல்லாதே, அந்த 'லவ்' ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்து விடுகிறது என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் முஸ்லிம் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஹதீஸை எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். இழப்பு நேர்ந்தவனுக்குச் சொன்னது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். இழக்காமல் தப்பியவனுக்கும் அந்த வாசல் திறக்கும் என்பதும், அவனுக்கு அது இன்னும் அகலமாய்த் திறக்கும் என்பதும் இப்போது தெரிந்தது. இழந்தவன் ஒரே ஒரு மாற்றை எண்ணி வருந்துகிறான். தப்பியவனோ ஆயிரம் வழிகளில் தான் இறந்து கிடப்பதைப் பார்க்கிறான்.

மதரஸாக்களில் ஓதப்படும் 'ஷரஹுல் அகாயித்' என்னும் நூலை நம்மவர் பலர் பெயரளவிலேனும் அறிவார்கள். 1142-இல் மறைந்த உமர் நஸஃபீ அவர்கள் எழுதிய சிறு நூலுக்கு, 1390-இல் மறைந்த தஃப்தாஸானீ அவர்கள் வரைந்த விரிவுரை அது. அதில் ஒரு சிறு தொடர் உண்டு. கொலை செய்யப்பட்டவனும் தனக்குரிய தவணையில்தான் இறக்கிறான் என்பது அதன் பொருள். தவணையை அரபியில் 'அஜல்' என்பர். கேட்பதற்கு இது எளிய கொள்கை போலத் தோன்றும். ஆனால் அதன் பின்னே ஒரு பெரும் வழக்கு இருக்கிறது.

முஃதஸிலாக்களில் பெரும்பாலோர், கொலையாளி அந்த மனிதனின் தவணையை அறுத்து விட்டான் என்றார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் அவன் இன்னும் வாழ்ந்திருப்பான் என்பது அவர்கள் துணிபு. அவர்களுள் கஅபீ என்பவர், அவனுக்குக் கொலைத் தவணை ஒன்று, இயற்கை மரணத் தவணை ஒன்று என இரண்டு தவணைகள் உண்டு என்றார். அவர்களுள்ளேயே அபுல் ஹுதைல் என்பவர் நேர் எதிர்த்திசைக்குச் சென்று, கொல்லப்படாமல் இருந்தாலும் அதே நொடியில் அவன் எப்படியேனும் இறந்தேயிருப்பான் என்று அடித்துச் சொன்னார். ஒருவர் 'வாழ்ந்திருப்பான்' என்கிறார். மற்றவர் 'இறந்திருப்பான்' என்கிறார். இருவரும் நடக்காத ஒன்றை நடந்ததுபோல் அறிந்தவர்களாகப் பேசுகிறார்கள்.

அஹ்லுஸ் ஸுன்னாவின் இமாம்கள் இவ்விரண்டிலும் சேரவில்லை. தஃப்தாஸானீ அவர்களே தம்முடைய மற்றொரு பெருநூலான 'ஷரஹுல் மகாஸித்'தில் இதனை விளக்குகிறார்கள். கொல்லப்பட்டவன் தன் தவணையில் இறந்தான் என்பது உறுதி. அவன் கொல்லப்படாமல் இருந்திருந்தால்? அப்போது அவன் அந்த நேரத்தில் இறந்திருக்கவும் கூடும். இறவாமல் இருந்திருக்கவும் கூடும். எந்த ஒன்றையும் அறுதியிட்டுக் கூற நமக்கு இடமில்லை. இதுதான் அவர்களின் நிலை. மாணவனாய் இருந்தபோது இது எனக்கு ஒரு நழுவல் பதிலாகவே தோன்றிற்று. தைரியமாக ஒரு பக்கம் நிற்கக் கூடாதா என்று என் உஸ்தாதிடமே கேட்டதுண்டு. அவர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அந்த வாரத்தின் நான்காம் இரவில் அதே பக்கத்தை விரித்து வைத்துப் படித்தபோது, இது நழுவல் அன்று, ஒரு கதவை அடைப்பது என்று கண்டேன். 'வார் கழலாமல் இருந்திருந்தால் நான் இறந்திருப்பேன்' என்று என் நெஞ்சு சொல்லிக் கொண்டிருந்தது அல்லவா? அதனை அறிவதற்கு எனக்கு எந்த வழியும் இல்லை. இறந்திருக்கலாம். காலை மட்டும் இழந்திருக்கலாம். லாரி வரும் ஒலியை முன்னதாகவே கேட்டு விலகியிருக்கலாம். நான் அறிந்தது ஒன்றே: நான் இரண்டு அடி பின்னே இருந்தேன், உயிரோடு இருக்கிறேன். இதற்கு மேல் நெஞ்சம் பேசியதெல்லாம் அறியாததை அறிந்ததுபோல் பேசியதே. அன்றிரவு எத்தனையோ நாட்களுக்குப் பின் உறங்கினேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை.

மறுநாள் காலைப் பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் மட்டும் போகாமல் நின்றான். பதினான்கு வயது. இரண்டு மாதங்களுக்கு முன்னால் அவனுடைய தந்தை அதே நிறுத்தத்தில், இதே போல் பேருந்தைவிட்டு இறங்கி நின்றபோது, வளைவில் வந்த வண்டியொன்று மோதி இறந்து போனார். அவனுடைய தாயார் இன்னும் இத்தாவில் இருந்தார். பையன் பாயின் ஓரத்தைக் கிள்ளியபடியே கேட்டான்:

"ஹஜ்ரத், அல்லாஹ் உங்களைக் காப்பாத்திட்டான்னு தெருவெல்லாம் சொல்றாங்க. அப்ப எங்க வாப்பாவை ஏன் காப்பாத்தல?"

அவன் குரலில் மறுப்பு இல்லை, கோபமும் இல்லை. கணக்கில் விடை ஒத்து வராத மாணவன் கேட்பதுபோல் கேட்டான். 'அல்லாஹ் காப்பாற்றினான்' என்று தேநீர்க்கடையில் சொன்னவர்கள் எவரும் அவன் தந்தையை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் தெருவில் நடந்து சென்று அவன் வீட்டுத் திண்ணையிலும் ஏறியிருக்கிறது. திரைக்குப் பின்னே இருக்கும் அந்தப் பெண்ணின் செவியிலும் விழுந்திருக்கும். ஒருவனைக் காத்தான் என்றால், மற்றவனைக் கைவிட்டான் என்று சொல்லாமலே சொல்லியதாகிறது. இவன் ஆலிம், ஆகவே காக்கப்பட்டான். அவர் கூலிக்குச் சுவர் எழுப்பும் கொத்தனார், ஆகவே... என்று யாரேனும் இழுத்து முடித்தால் அதைவிடக் கொடிய பொய் வேறில்லை.

பையனுக்கு நான் சொன்னது இவ்வளவே. "தம்பி, உன் வாப்பாவுக்கும் எனக்கும் வைத்தது ஒரே அளவு நம்பிக்கையான தவணைதான். அவருடையது அன்று முடிந்தது. என்னுடையது முடியவில்லை. முடியாதது எனக்குப் பரிசும் இல்லை, முடிந்தது அவருக்குத் தண்டனையும் இல்லை. இடிபாட்டில் சிக்கி இறந்தவரை நம் நபி (ஸல்) அவர்கள் ஷஹீதுகளோடு சேர்த்துச் சொன்னார்கள். சாலையில் அடிபட்டு இறந்தவரையும் அதனோடு ஒப்பிட்டு இக்கால ஆலிம்கள் பலர் அவ்வகையில் வைக்கிறார்கள். அவரை நாம் குளிப்பாட்டினோம், கபனிட்டோம், தொழுதோம். போர்க்களத்து ஷஹீதுக்கு உள்ள சட்டம் வேறு. ஆனால் மறுமையின் கூலியில் அவருக்கு அந்தப் பங்கை நாம் ஆதரவு வைக்கலாம்." அவன் தலையசைத்தான். தலையசைத்தது என் மீதுள்ள மரியாதைக்காக என்பது எனக்குத் தெரிந்தது.

அவன் சென்ற பின் நான் எடுத்துப் பார்த்தது அகீதா நூலை அன்று, ஃபிக்ஹு நூலை. 1277-இல் மறைந்த இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' நம் கரையோர ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படுவது. நன்றியின் ஸஜ்தாவைப் பற்றி அதில் சில வரிகளே உண்டு. எதிர்பாராமல் ஓர் அருள் வந்தாலோ, எதிர்பாராமல் ஓர் ஆபத்து விலகினாலோ அதனைச் செய்வது ஸுன்னத்து. தொழுகைக்குள் செய்தல் ஆகாது. எப்போதும் தொடர்ந்திருக்கும் அருளுக்கு, அதாவது நாள்தோறும் மூச்சுவிடுவதற்கு, இந்த ஸஜ்தா இல்லை. (ஹனஃபீ வழியில் இமாம் அபூஹனீஃபா அவர்கள் இந்தத் தனி ஸஜ்தாவை ஒரு வழிமுறையாகக் கொள்ளவில்லை, அவர்களின் இரு பெரும் மாணவர்கள் கொண்டார்கள்.) இவற்றை நான் அறிவேன். இவற்றின் பின்னே வரும் சிறு குறிப்பைத்தான் இப்போது புதிதாகப் படித்தேன். சோதனைக்கு ஆளானவனைக் கண்டு, தான் அச்சோதனையினின்றும் காக்கப்பட்டதற்காக ஸஜ்தா செய்பவன், அதனை அவனுக்குக் காட்டாமல் மறைவாகச் செய்ய வேண்டும் என்கிறது நூல். பாவத்தில் துணிந்தவனைக் கண்டு செய்யும்போது, அவன் வெட்கி விலகட்டும் என்று வெளிப்படுத்தலாம். துன்பப்பட்டவனிடம் மட்டும் கூடாது. உரைகாரர்கள் இதனை இன்னும் விரிக்கிறார்கள். குழந்தை பிறந்ததற்காகக் குழந்தையற்றவர் முன்னும், செல்வம் வந்ததற்காக வறியவர் முன்னும் அந்த ஸஜ்தாவைச் செய்தல் வேண்டா. அவர் உள்ளம் உடைந்து விடக்கூடாது என்று காரணமும் தருகிறார்கள்.

எத்துணை நுட்பமான சட்டம்! நன்றியோ இறைவனுக்கு உரியது. அதனை வெளிப்படையாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் நம் ஃபுகஹாக்கள், இறைவனுக்கான நன்றியும் பக்கத்தில் நிற்பவனின் புண்ணில் விரல் வைக்கக் கூடும் என்று கண்டு, அதற்குத் திரை போடச் சொன்னார்கள். நன்றியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதன் ஒலியைக் குறைக்கச் சொன்னார்கள். ஸஜ்தாவுக்கு உள்ள இந்த மரியாதை சொல்லுக்கும் உண்டு என்றே நான் கொள்கிறேன். 'அல்லாஹ் காப்பாற்றினான்' என்பது தன் இறைவனோடு தனித்திருக்கையில் சொல்ல வேண்டிய சொல். அதே நிறுத்தத்தில் கணவனை இழந்தவள் வாழும் தெருவில், தேநீர்க்கடைப் பேச்சாய் அது உலவுவது எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் இருந்தவர்களிடம் சென்று, இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று கேட்டுக் கொண்டேன். ஒருவர், "நல்ல வார்த்தைதானே ஹஜ்ரத்?" என்றார். நல்ல வார்த்தைதான், இடம்தான் பிழை என்றேன். அவருக்கு அது விளங்கிற்றா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

பையன் மறுபடியும் வந்தான். இம்முறை வேறொரு கேள்வி. "வாப்பா தவணையிலதான் மௌத்தானாங்கன்னா, அந்த வண்டிக்காரன் மேல என்ன குத்தம்?"

தஃப்தாஸானீ அவர்களின் எதிர்வாதிகள் எழுப்பிய கேள்வியை, அவர்கள் பெயரைக்கூடக் கேட்டறியாத ஒரு சிறுவன் எழுப்பி நின்றான்! தவணையில் இறந்தவனுக்காகக் கொன்றவனை ஏன் தண்டிக்க வேண்டும் என்று முஃதஸிலாக்கள் கேட்டார்கள். இமாம்களின் விடை தெளிவானது. உயிரை எடுப்பது இறைவனின் செயல். ஆனால் விலக்கப்பட்ட காரியத்தைக் கையால் செய்தது அந்த மனிதன். எந்தச் செயலைத் தொடர்ந்து மரணம் வருவது இறைவன் அமைத்த வழக்கமோ, அந்தச் செயலை அவன் தேடிச் செய்தான். தண்டனை அதற்கு. ஆகவே 'விதி' என்று சொல்லி ஓட்டுநரை விட்டுவிட முடியாது. ஓட்டுநரைக் குற்றம் சாட்டுவதால் விதியை மறுத்ததாகவும் ஆகாது. விபத்து நேர்ந்த வீடுகளில், நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுப்பது தவக்குலுக்கு மாறானது என்று சிலர் உபதேசம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த உபதேசத்துக்கு நம் நூல்களில் இடமில்லை.

ஆனால் அவனுடைய கேள்வி, என்னை மோத வந்த ஓட்டுநரை எனக்கு நினைவூட்டிற்று. அவர் லாரியைச் சற்றுத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முப்பது வயதுகூட இராது. என் இரு கைகளையும் பிடித்துக் கொண்டு, "பஸ் நிக்கிறது தெரியல பாய், வளைஞ்சதும்தான் தெரிஞ்சது பாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கையைவிட அவர் கை அதிகமாக நடுங்கிற்று. நான் அவரை மன்னித்து அனுப்பினேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: எதை மன்னித்தேன்? நான் இறந்திருந்தால், ஷரீஅத்தின்படி அவர் தவறுதலாய்க் கொன்றவர். நூறு ஒட்டகங்களின் பெறுமதியான தியத்தை அவருடைய சுற்றத்தார் மூன்று ஆண்டுகளில் செலுத்த வேண்டியதாகும். பரிகாரமாக, விடுவிக்க அடிமை இல்லாத இக்காலத்தில், இரண்டு மாதத் தொடர் நோன்பு அவர்மேல் கடமையாகும் என்றே நூல்கள் பேசும். நாட்டுச் சட்டத்திலும் இதே வேறுபாடு உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் உயிரைப் போக்கியவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை. உயிர் போகாமல் வெறுமனே அபாயமாக ஓட்டியதற்கு ஆறு மாதம் வரைதான். ஆனால் இரண்டிலும் திருப்பிய கை ஒன்று. திருப்பிய கோணம் ஒன்று. நடுவில் இருந்தது ஒரு காலணி வார். பையனின் தந்தையை மோதிய ஓட்டுநருக்கும் இவருக்கும் உள்ளத்தில் என்ன வேற்றுமை?

பொதுவழியில் கிணறு தோண்டியவனைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. உரிமையின்றி நடைபாதையில் ஒருவன் குழி தோண்டினான். ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவன் ஈடு செலுத்த வேண்டும். எவரும் விழாவிட்டால் ஈடு இல்லை. ஆனால் வழியில் குழி தோண்டிய வரம்புமீறல் அப்படியே இருக்கிறது. ஈடு என்பது இழந்தவருக்குச் சேர வேண்டிய உரிமை. இழப்பு இல்லாத இடத்தில் அது பிறப்பதற்கில்லை. பாவமோ செயலைப் பற்றியது. அது விளைவுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே நான் மன்னித்தது என் உரிமையைத்தான். அதுவும் ஒரு குடைக்கம்பியின் அளவு. அந்த ஓட்டுநர் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வந்திருந்தால், அதன் கணக்கு அவருக்கும் அவர் இறைவனுக்கும் இடையே உள்ளது. என் உயிர் தப்பியது அவருக்கு ஏதோ நற்சான்று போல் ஆகிவிடக் கூடாது. மாறாக, பையனின் தந்தையை மோதியவர், தம் கையைவிடப் பெரிய தீமையைத் தாமே செய்ததாக எண்ணி நொறுங்கவும் வேண்டியதில்லை. அவர் கை செய்ததற்கும் ஈட்டுக்கும் அவர் பொறுப்பாளி, தவணைக்கு அல்லர்.

'வளைஞ்சதும்தான் தெரிஞ்சது' என்று அவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். அதனை அறிய வழி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாலை ஓய்ந்திருந்த நேரத்தில், பையனை அழைத்துக்கொண்டு சென்றேன். அவன் வளைவின் அப்பக்கம், சாலையைவிட்டு இறங்கி மண் ஓரத்தில் நின்றான். நான் பேருந்து நிற்கும் இடத்தில் புளியமரத்தருகே நின்றேன். என் வெள்ளைத் தலைப்பாகை கண்ணில் படும் இடம் வரை அவன் மெல்ல முன்னேறி, பட்டதும் கையை உயர்த்தினான். தேநீர்க்கடை முன் நின்ற லாரிகள் அதுவரை என்னை மறைத்திருந்தன. லாரி ஓட்டுநரின் கண் பையனின் கண்ணைவிட உயரத்தில் இருக்கும் என்பது மெய்தான். ஆனால் நின்ற லாரிகளின் சுமை இரண்டையும்விட உயரம். அவன் நின்ற இடத்திலிருந்து என் இடம் வரை அடியெண்ணி நடந்தேன். அறுபது அடி எட்டு வைத்தேன். என் எட்டு முக்கால் மீட்டர். ஆக 45 மீட்டர்.

அவன் நோட்டில் மீதியைக் கணக்கிட்டோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடித்தபின், காய்ந்த நல்ல சாலையில் சிறு காரே நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். கூட்டினால் 45. அதாவது, காருக்கே அங்குலம் மிச்சமில்லை. சுமை ஏற்றிய லாரிக்கோ, மீன் நீர் சொட்டி ஈரமான சாலைக்கோ போதவே போதாது. வேகம் 40 ஆக இருந்தால், உணர்வதற்கு 17 மீட்டரும் நிற்பதற்கு 9 மீட்டரும் போக, கைவசம் ஒரு வீட்டின் நீளம் மிஞ்சும். ஓட்டுநர் சொன்னது மெய். 60-இல் வந்த எந்த ஓட்டுநரும் அந்த வளைவில் அதையே சொல்வார். அதனால் குற்றம் முழுவதும் அவரை விட்டு நீங்கி விடவில்லை; பார்வை எட்டாத இடத்தில் வேகத்தைக் குறைப்பது அவர் கடமை. ஆனால் அந்த வழியில் கிணறு தோண்டியவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்பது நோட்டில் தெரிந்தது.

இங்கே 'லவ்' என்னும் சொல்லுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. இமாம் புகாரீ அவர்கள் தம் நூலில், எந்த 'லவ்' ஆகும் என்பதற்கே தனித் தலைப்பு வைத்திருக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அந்தச் சொல்லை ஆண்ட இடங்களை அதில் திரட்டியிருக்கிறார்கள். நடந்து முடிந்த தீர்ப்பை எதிர்த்துச் சொல்வது விலக்கப்பட்டது. ஒரு நன்மையைக் கற்பதற்காகச் சொல்வது விலக்கப்படவில்லை என்று இமாம் நவவீ அவர்கள் பிரித்து விளக்குகிறார்கள். 'வார் கழலாமல் இருந்திருந்தால்' என்பது முதல் வகை. 'பேருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்றிருந்தால்' என்பதை நாளைய பேருந்துக்காகச் சொன்னால் அது இரண்டாம் வகை. ஒரே இலக்கணம், ஒன்று பின்னோக்கிச் சுழல்கிறது, மற்றொன்று ஒரு விண்ணப்பமாக எழுதப்படக் கூடியது.

விண்ணப்பத்தை பையனே எழுதினான்; நான் பிழை திருத்தினேன். பேருந்து நிறுத்தத்தை வளைவிலிருந்து இன்னும் நாற்பது எட்டுத் தள்ளி அமைக்க வேண்டும், வளைவின் உட்புறத்தில் வண்டி நிறுத்தத் தடை வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. கீழே அளவுகளையும் கணக்கையும் சேர்த்தோம். இறந்தவரின் பெயரை எழுத வேண்டுமா என்று அவன் கேட்டான். அது அவனுடைய தாயாரின் விருப்பம் என்றேன். வீட்டிற்குச் சென்று கேட்டு வந்தான்; திரைக்குப் பின்னிருந்து அவர், எழுதச் சொல்லி விட்டாராம். அலுவலகத்திலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை. தேநீர்க்கடைக்காரர் மட்டும் நோட்டிலிருந்த கணக்கை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வளைவில் நிற்கும் லாரிகளைக் கடைக்கு அப்பால் உள்ள திடலில் விடச் சொல்லி ஓட்டுநர்களிடம் தேநீரோடு கூடவே சொல்லி வருகிறார். சிலர் கேட்கிறார்கள்.